பெற்றோரிடம் பழைய பொருள் கேட்டுக் குறிப்பு எழுதுவது எப்படி? ஆண்டு 1 ஆசிரியர்களுக்கு

புதிதாக ஆண்டு 1 வகுப்பை எடுக்கும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இப்படித்தான் புலனக் குழுவில் ஒரு குறிப்பு போடுவார்கள்: "அறிவியலுக்கும் கைவினைக்கும் மறுசுழற்சிப் பொருள்கள் கொண்டு வரவும்." மறுநாள் காலையில் வகுப்பு வாசலில் என்னென்னவோ வந்து குவியும். அடியில் மைலோ ஒட்டிக்கொண்டிருக்கும் டின், எண்ணெய் வாடை போகாத போத்தல், கோழி இறைச்சி வைத்து விற்ற பாலிஸ்டிரின் தட்டு, உடைந்த பொம்மை, தூக்க முடியாத அளவுக்கு அட்டைப் பெட்டி. இதில் பெற்றோர் மேல் தப்பே இல்லை. என்ன பொருள், எத்தனை, எதற்கு, எப்போது என்று குறிப்பில் ஒரு வார்த்தையும் கிடையாது. அவர்கள் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிட்டார்கள்.

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் ஆண்டு 1 பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்தக் குறிப்பை எப்படி எழுதுவது, வந்த பொருளை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை ஒரே ஒரு பாடத்தை வைத்து இங்கே சொல்கிறேன். நீரை உறிஞ்சும் பொருள் எது, உறிஞ்சாத பொருள் எது என்ற பாடம்தான் அது. மிச்சமாகும் பொருளை வைத்து மறுவாரம் கைவினை.

முதலில் எண்ணிப் பாருங்கள்

குறிப்பு எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடுங்கள். வகுப்பில் 24 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஒரு குழு என்றால் 6 குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பருத்தித் துணி, செய்தித்தாள், ரொட்டிப் பை, பிஸ்கட் பெட்டி அட்டை ஆகியவற்றில் 10 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள் வேண்டும். ஒரு தடவை சரியாக வராவிட்டால் மறுபடி செய்து பார்க்க ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. ஆக ஒரு பொருளுக்கு 12 துண்டுகள்.

பெரியவர் போடும் ஒரு டீ சட்டையின் முன்பக்கத்திலேயே இந்த 12 துண்டும் வெட்டிவிடலாம். ரொட்டிப் பையைப் பிரித்து விரித்தால் ஒன்று போதும். செய்தித்தாளில் ஒரு பெரிய தாள் போதும். 24 வீட்டிலிருந்தும் துணி கேட்டால் 24 சட்டை வந்து சேரும், 23 சட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். எண்ணிப் பார்த்தபின் நாம் கேட்கும் பொருள் வெகுவாகக் குறைந்துவிடும். பொருள் குறைந்தால்தான் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடியும். பாதுகாப்பு என்பது இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

துண்டை வைத்து நீர் ஊற்ற குழுவுக்கு ஒரு தட்டு வேண்டும். திராட்சை, ஆப்பிள் வைத்து விற்கும் தெளிவான நெகிழித் தட்டு இதற்கு மிகவும் வசதி. நீர் வைத்துக்கொள்ள 500 மில்லிலிட்டர் போத்தல் ஒன்று. இரண்டிலும் 6 வேண்டும். கேட்பது 8. இரண்டு வீட்டில் மறந்துவிடுவார்கள், அல்லது வந்ததில் ஒன்றிரண்டு விரிசல் விட்டிருக்கும்.

அப்புறம் பெயர்ப் பட்டியல் எண்படி பிரித்துவிடுங்கள். 1 முதல் 8 வரை பழத்தட்டு, 9 முதல் 16 வரை போத்தல், 17, 18 துணி, 19, 20 ரொட்டிப் பை, 21, 22 செய்தித்தாள், 23, 24 பிஸ்கட் பெட்டி. ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு பொருள். பள்ளி வேனில் வரும் பிள்ளைகள் பாதிக்கு மேல் இருப்பார்கள். புத்தகப்பைக்குள் போகாத எதையும் அவர்களிடம் கேட்காதீர்கள். நெருக்கி உட்கார்ந்திருக்கும் வேனில் பெரிய பெட்டி நசுங்கித்தான் வரும்.

எப்போது அனுப்புவது

பாடத்துக்கு ஒரு வாரம் முன்னால். அந்த ஒரு வாரத்தில் சனி ஞாயிறும் வர வேண்டும், வீட்டில் மறுசுழற்சிப் பொருள் எடுக்கும் நாளும் வர வேண்டும். கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும் என்பது கட்டாயம். தரை வீடுகளில் வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள் என்று எடுத்துப் போகிறார்கள். பல வீட்டில் நமக்கு வேண்டிய போத்தலும் தட்டும் ஏற்கெனவே தனிப்பையில் இருக்கும். லாரி வந்து போன மறுநாள் நீங்கள் கேட்டால் அடுத்த வாரம்தான் கிடைக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கையில் எடுத்துப்போய்ப் பொதுத்தொட்டியில் போடுவதால், அவர்கள் வீட்டில் இந்தப் பொருள் அதிகம் சேர்ந்திருக்காது. அவர்களுக்குச் செய்தித்தாளோ துணியோ ஒதுக்குவது நல்லது.

நாளை வேண்டும் என்று இன்றிரவு கேட்டால் பாவம், ஏதோ ஒரு வீட்டில் கடைக்குப் போய் மினரல் வாட்டர் வாங்கி, நீரைக் கொட்டிவிட்டு போத்தலைக் கொடுத்தனுப்புவார்கள். எதையும் வாங்க வேண்டாம் என்பதைக் குறிப்பிலேயே எழுதுங்கள்.

குறிப்பு இப்படி இருக்கட்டும்

"வணக்கம். அடுத்த வியாழக்கிழமை நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் எந்தப் பொருள் நீரை உறிஞ்சுகிறது என்று செய்து பார்க்கப் போகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு ஒதுக்கிய ஒரே ஒரு பொருளை வரும் செவ்வாய்க்கிழமை காலை கொடுத்தனுப்புங்கள்.

எண் 1 முதல் 8 வரை: பழம் வைத்து விற்ற தெளிவான நெகிழித் தட்டு 1.
எண் 9 முதல் 16 வரை: குடிநீர் போத்தல், 500 மில்லிலிட்டர், 1. மூடியைத் தனியாகப் பையில் போடவும்.
எண் 17, 18: பழைய பருத்தி டீ சட்டை 1. விளையாட்டு ஜெர்சி வேண்டாம்.
எண் 19, 20: ரொட்டி வந்த நெகிழிப் பை 1, துகளை உதறிவிட்டு.
எண் 21, 22: செய்தித்தாள் 2 தாள்.
எண் 23, 24: பிஸ்கட் பெட்டி அட்டை 1, தட்டையாக மடித்து.

தட்டையும் போத்தலையும் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய வைத்துக் கொடுங்கள்.

கண்ணாடி, திறந்த உணவு டின், பேட்டரி உள்ள எதுவும், மருந்து அல்லது சுத்திகரிப்புத் திரவம் இருந்த போத்தல், பச்சை இறைச்சி, மீன், முட்டை வைத்திருந்த எதுவும் வேண்டாம். கடலை வெண்ணெய் போத்தலும் வேண்டாம். நம் வகுப்பில் கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருக்கலாம்.

இதற்காக எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் இல்லை என்றால் பரவாயில்லை. கூடுதலாக வைத்திருக்கிறோம். நன்றி."

இவ்வளவுதான். கைப்பேசித் திரையில் ஓரிரு முறை விரலை நகர்த்தினால் முடிந்துவிடும். கூடவே ஒரு படம் போடுங்கள்: வேண்டிய தட்டும் போத்தலும் துணியும் மேசையில் இருப்பது போல. பல வீட்டில் பையில் பொருளை எடுத்து வைப்பது தாத்தா பாட்டிதான். அவர்களுக்கு நீளமான எழுத்தைவிடப் படம் சீக்கிரம் புரியும். ஒரு நிமிடக் குரல் பதிவும் உதவும். யார் கொண்டு வரவில்லை என்று குழுவில் பெயர் போடவே கூடாது.

வேண்டாம் என்ற பொருளுக்குக் காரணம் தெரிந்துகொள்ளுங்கள்

பெற்றோர் கேட்பார்கள். "டீச்சர், நல்லா கழுவிட்டேனே, ஏன் வேண்டாம்?" பதில் கையில் இருக்க வேண்டும்.

பச்சைக் கோழி, மீன் வைத்திருந்த பாலிஸ்டிரின் தட்டில் சால்மொனெல்லா போன்ற கிருமி இருக்கலாம். நுரைபோன்ற அந்தப் பொருளில் நகம் பட்ட கீறலுக்குள் போனதைச் சோப்பு முழுதாக எடுத்துவிடும் என்று நம்ப முடியாது. கொதிநீர் ஊற்றவும் முடியாது, வளைந்துவிடும். அதனால் கழுவினாலும் வேண்டாம். முட்டை அட்டையும் அப்படித்தான். 30 முட்டை வைக்கும் அந்தச் சாம்பல்நிற அட்டையைப் பார்த்தால் கைவினை ஆசிரியர்களுக்கு ஆசை வரும், மயில் செய்யலாம், பூ செய்யலாம் என்று. ஆனால் அது காகிதக்கூழ், கழுவவே முடியாது. முட்டை ஓட்டில் ஒட்டியிருப்பதும் உடைந்த முட்டையின் ஈரமும் அதிலேயே ஊறிவிடும். நான் அதைக் கேட்பதில்லை. கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாயையும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகச் சமையலறைக் காகிதச் சுருளின் குழாய் இருக்கிறது, அதே வடிவம், இன்னும் நீளம்.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பேட்டரி அனுப்பாதீர்கள் என்றால் பெற்றோர் ரிமோட்டில் போடும் நீளப் பேட்டரியைத்தான் நினைப்பார்கள். ஆபத்தானது சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும் தட்டைப் பேட்டரி. அது பேட்டரியாகத் தனியாக வராது. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள், மினுக்கும் காலணிக்குள், சின்ன விளக்குப் பொம்மைக்குள் ஒளிந்து வரும். தீபாவளி முடிந்த வாரத்தில் கைவினைக்கு வாழ்த்து அட்டை கேட்டால் நிச்சயம் ஒன்றாவது பாடும். பிள்ளை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்துபோகும் அளவுக்குப் புண்ணாகும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் குறிப்பில் "பேட்டரி" என்று மட்டும் எழுதாமல் "பேட்டரி உள்ள எதுவும்" என்று எழுதுங்கள். அட்டை, பொம்மை கேட்கும் பாடமாக இருந்தால் "பாடும், மினுக்கும் எதுவும் வேண்டாம்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

டின் விஷயம் வேறு. மைலோ டின் போல் அழுத்தி மூடும் மூடி உள்ளது நல்ல டின்தான். காந்தப் பாடத்துக்கு அது தேவைப்படும். ஆனால் விளிம்பில் முதலில் கிழித்த ஈயத்தாள் கூர்மையாக நிற்கும். விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஒரு பஞ்சுருண்டையை விளிம்பு முழுக்க ஓட்டுங்கள். எங்கேயாவது பஞ்சு இழை சிக்கினால் அந்த இடம் பிள்ளையின் விரலையும் கிழிக்கும். தடித்த ஒட்டுநாடாவை மடித்து ஒட்டுங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். சார்டின் டின், பால் டின் இரண்டையும் எந்த வழியிலும் வாங்க வேண்டாம்.

குளோராக்ஸ், கொசு மருந்து, கழிவறைத் திரவம் இருந்த போத்தல், தெளிப்பு டின் ஆகியவற்றை எவ்வளவு கழுவினாலும் ஏற்காதீர்கள். உள்ளே மிச்சம் இருப்பது ஒரு பயம். இன்னொன்று, அந்த வடிவப் போத்தல் விளையாட்டுப் பொருள் என்று ஆறு வயதுப் பிள்ளை பழகிவிட்டால், வீட்டில் நிறைந்திருக்கும் போத்தலையும் அப்படியே எடுக்கும்.

இன்னொரு விஷயம், மெதுவாகச் சொல்ல வேண்டியது. நம் பள்ளியில் முஸ்லிம் ஆசிரியர்கள் இருப்பார்கள், மாட்டிறைச்சி தொடாத குடும்பங்களும் இருக்கும். இறைச்சி உணவு, மது, சிகரெட் பெட்டி எதுவும் வேண்டாம் என்று ஒரு வரி வைத்தால் யாருக்கும் சங்கடம் இல்லை. இணையத்தில் வாங்கிய பொருள் வந்த பெட்டி என்றால், பெயரும் தொலைபேசி எண்ணும் முகவரியும் உள்ள தாளை உரித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

கழுவுவதிலும் காய வைப்பதிலும் எங்கே தவறும்

குடிநீர் போத்தலுக்குக் கொதிநீர் ஊற்றினால் அது சுருங்கிக் கோணலாகிவிடும். வெதுவெதுப்பான நீரும் இரண்டு சொட்டுச் சோப்பும் போதும். வாய் குறுகியதால் உள்ளே தேய்க்க முடியாவிட்டால் ஒரு பிடி அரிசியைப் போட்டுக் குலுக்கினால் அழுக்கு விட்டுவிடும். ஒட்டுத்தாளை உரிக்க மெனக்கெட வேண்டாம், இந்தப் பாடத்துக்கு அது தேவையில்லை.

காய்வதுதான் கஷ்டம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். தலைகீழாகச் சாய்த்து, மூடி இல்லாமல், குறைந்தது ஒரு இரவும் ஒரு பகலும் வேண்டும். மழைநாளில் இன்னொரு நாள். பலர் கழுவியவுடன் மூடியைத் திருகி விடுவார்கள். அப்படிச் செய்தால் உள்ளே நீர்த்துளி அப்படியே நிற்கும், நான்கைந்து நாளில் பூஞ்சை வாடை வரும். மூடியைத் தனியாகப் போடச் சொன்னது இதனால்தான்.

சுத்தம் என்பது கிருமிக்காக மட்டும் இல்லை. இந்தச் சோதனையே சுத்தத்தை நம்பி நிற்கிறது. எண்ணெய் பட்ட செய்தித்தாளில் நீர் உறிஞ்சாது, முத்துப்போல் நிற்கும். பிள்ளை "காகிதம் நீரை உறிஞ்சாது" என்று எழுதிவிடும். துணி மென்மையாக்கும் திரவம் போட்டுத் துவைத்துத் துவைத்துப் பழகிய சட்டையும் அப்படித்தான், மேலே மெல்லிய படலம் இருப்பதால் நீர் உள்ளே போகத் தயங்கும். அதனால் சட்டை வந்ததும் வெறும் சோப்பில் ஒரு தடவை அலசி எடுத்துவிடுவேன். ஜெர்சி வேண்டாம் என்பதற்குக் காரணம், அதன் பாலியெஸ்டர் நூல் நீரை அதிகம் உறிஞ்சாது, ஆனால் நீர் நூலிடுக்கில் பரவுவதால் உறிஞ்சுவது போலத் தெரியும். ஆண்டு 1 பிள்ளைக்கு அது குழப்பம்.

வாசலில் ஒரு மேசை

செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு வாசலில் ஒரு மேசை போடுங்கள். பொருளைப் பிள்ளை கையிலிருந்து நீங்களே வாங்க வேண்டும், வகுப்புத் தலைவனிடம் விடக் கூடாது. மேசையில் மூன்று இடம்: எடுத்துக்கொள்வது, இன்னும் காய வேண்டியது, வீட்டுக்குத் திரும்புவது.

போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், உள்சுவரில் துளி தெரிந்தால் காய வேண்டிய பக்கம். பிறகு வாயருகில் முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாடை இருந்தால் இரண்டு நாளில் எறும்பு வரிசை கட்டும். இது போத்தலுக்கு மட்டும்தான். என்ன இருந்தது என்று தெரியாத எதையும் முகராமல் ஒதுக்குங்கள். தட்டை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். விரிசல் விட்ட நெகிழி கத்தி போல் வெட்டும்.

திருப்பி அனுப்பும் பொருளைப் பையில் கட்டி, புலனத்தில் அந்த அம்மாவுக்கு அல்லது அப்பாவுக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். "அனுப்பியதற்கு நன்றி. டின் விளிம்பு கூராக இருந்ததால் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், கவனமாகப் பிரியுங்கள்." பிள்ளை முன்னால் "இது சரியில்லை" என்று சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளை ராத்திரி தானே தேடி எடுத்ததாக இருக்கும்.

பாடத்தன்று

துண்டுகளை முதல் நாளே நீங்கள் வெட்டி வையுங்கள். ஒவ்வொரு குழுவும் தட்டில் துண்டை வைத்து, ஒரு தேக்கரண்டி நீர் ஊற்றி, 30 வரை எண்ணிவிட்டுத் தட்டைச் சாய்த்துப் பார்க்கும். நீர் ஓடினால் உறிஞ்சவில்லை. பிஸ்கட் அட்டையில் பளபளப்புப் பக்கத்திலும் சாம்பல் பக்கத்திலும் தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள்.

நாசி லெமாக் சுற்றும் பழுப்புக் காகிதத்தை மட்டும் நான் பெற்றோரிடம் கேட்பதில்லை, பயன்படுத்தாத சில தாளை நானே எடுத்துப் போகிறேன். பயன்படுத்தியதில் சம்பலும் எண்ணெயும் போகவே போகாது. அதன் ஒரு பக்கம் வெறும் காகிதம், மறுபக்கம் மெல்லிய நெகிழிப் பூச்சு. ஒரே தாள், ஒரு பக்கம் நீரைக் குடிக்கிறது, மறுபக்கம் நீர் உருண்டு ஓடுகிறது. தினமும் கையில் பிடித்த காகிதம் என்பதால் பிள்ளைகள் இதில்தான் அதிக நேரம் நிற்பார்கள். "அதனாலதான் டீச்சர் பையில குழம்பு ஒழுகல!" என்று யாராவது கத்துவார்கள். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், அடுத்த துண்டு காத்திருக்கட்டும்.

மீதியை என்ன செய்வது

காய்ந்த துணித்துண்டும் செய்தித்தாளும் அட்டையும் மறுவாரம் ஒட்டுச்சித்திரத்துக்கு. போத்தலை எழுதுகோல் குவளையாக வெட்டுவதானால் வெட்டுவது நீங்கள், விளிம்பில் ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டுத்தான் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். மூடிகளை நான் எண்ணி எண்ணி வாங்கி வைக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அவை பெரிய ஆபத்தில்லை, ஆனால் செய்த பொருள் வீட்டுக்குப் போகும், அங்கே தவழும் தம்பி தங்கை இருக்கலாம். காகிதச் சுருளின் துளைக்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தொண்டையில் சிக்கக்கூடியது என்று வைத்துக்கொண்டு, அப்படிப்பட்டதை நன்றாக ஒட்டாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

மிச்சப் பொருளை வகுப்புக்கு வெளியே, நடைபாதை ஓரத்தில் அடுக்க வேண்டாம். மழைநீர் தேங்கிய ஒரு போத்தல் மூடியே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம்தான். உள்ளே, தரையிலிருந்து உயரத்தில், மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் பயன்படாததை விட்டுவிடுங்கள்: காகிதமும் அட்டையும் நீலத் தொட்டிக்கு, போத்தலும் தட்டும் ஆரஞ்சுத் தொட்டிக்கு. நீரில் நனைந்த செய்தித்தாள் மட்டும் நீலத் தொட்டிக்குப் போகக் கூடாது, அதில் கிடக்கும் காய்ந்த காகிதத்தையும் கெடுத்துவிடும்.